கையால் தள்ளினால் எந்தப் பக்கமும் சுற்றும் ஃபேன்: கண்டன்சர் உண்மையில் என்ன செய்கிறது?

மாடிவீடு எழுதியது:

வீட்டு ஹாலில் இருக்கும் பழைய சீலிங் ஃபேன் ஒரு வாரமாகச் சுவிட்சைப் போட்டால் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டு அப்படியே நிற்கிறது. ஒட்டடைக் குச்சியால் இறக்கையை லேசாகத் தள்ளிவிட்டால் சுற்ற ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் ஓரளவு வேகமும் எடுத்துவிடுகிறது. கண்டன்சர் போயிருக்கும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். மாற்றிவிடுவேன், அதில் குழப்பம் இல்லை.

குழப்பம் வேறு. விளையாட்டாக இறக்கையை எதிர்ப்பக்கம் தள்ளிப் பார்த்தேன். அந்தப் பக்கமும் அதேபோல ஓடுகிறது! காற்று மேலே போகிறதே தவிர, ஓட்டத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. ஓடும் அளவுக்குச் சக்தி இருக்கும் மோட்டார் தானாகக் கிளம்ப முடியாமல் நிற்பது ஏன்? தள்ளிய திசையை அது எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது? விரல் நீளம் இருக்கும் அந்த 2.5 கண்டன்சர் இதில் என்ன செய்கிறது?

காயில்கடை எழுதியது:

தம்பி, இது எங்கள் கடைக்குத் தினமும் வரும் கேஸ். ஃபேனுக்குள் இரண்டு காயில் உண்டு, ரன்னிங் ஒன்று, ஸ்டார்ட்டிங் ஒன்று. கண்டன்சர் கரண்டைச் சேர்த்து வைத்து ஸ்டார்ட்டிங் காயிலுக்கு ஒரே உதையாகக் கொடுக்கும். அந்த உதையில் ஃபேன் கிளம்பும், அப்புறம் ரன்னிங் காயில் பார்த்துக்கொள்ளும். கண்டன்சர் செத்துவிட்டதால் உதை இல்லை. நீங்கள் குச்சியால் கொடுப்பது அந்த உதைதான்.

மாற்றும்போது மெயினை அணைத்துவிடுங்கள். பழைய கண்டன்சரின் இரண்டு முனையையும் வெறும் விரலால் தொடாதீர்கள், சில நேரம் சார்ஜ் நிற்கும்.

பாலிடெக்னிக்_மேடம் எழுதியது:

காயில்கடை அண்ணன் நோயைச் சரியாகப் பிடித்துவிட்டார். ஆனால் "சேர்த்து வைத்து உதைக்கிறது" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஏசி லைனில் கண்டன்சர் நொடிக்கு நூறு முறை நிரம்பிக் காலியாகிறது. உதைப்பதற்காக எதையும் சேமித்து வைக்க அதற்கு நேரமில்லை. அதோடு, சீலிங் ஃபேனில் ஸ்டார்ட்டிங் காயில் கிளம்பியதும் விலகிக்கொள்வதும் இல்லை. ஃபேன் ஓடும் நேரம் முழுக்க அதில் கரண்ட் போய்க்கொண்டே இருக்கிறது.

மாடிவீடு, உங்கள் கேள்வியைக் கண்டன்சர் இல்லாமலேயே தொடங்கலாம். ரன்னிங் காயில் மட்டும் உயிரோடு இருக்கிறது என்று வையுங்கள். அதில் ஏசி கரண்ட் ஏறி இறங்குகிறது. அது உண்டாக்கும் காந்தப்புலம் ஒரே கோட்டில் வளர்கிறது, தேய்கிறது, தலைகீழாகிறது, மீண்டும் வளர்கிறது. அந்தக் கோடு திரும்புவதே இல்லை. சீலிங் ஃபேனில் நடுவில் இருப்பது நகராத ஸ்டேட்டர், சுற்றும் வெளிக்கூடுதான் ரோட்டர். ஏறி இறங்கும் புலம் அந்த ரோட்டரின் அலுமினியக் கம்பிகளில் கரண்டைத் தூண்டத்தான் செய்யும். விசையும் பிறக்கும். ஆனால் கோட்டுக்கு இடப்பக்கக் கம்பிகள் எவ்வளவு இழுபடுகின்றனவோ, வலப்பக்கக் கம்பிகளும் அதே அளவு எதிராக இழுபடுகின்றன. மோட்டாரின் அமைப்பில் இடம் வலம் என்று வேறுபாடு எதுவும் இல்லாதபோது அது எந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும்? விசை நிறைய, ஆனால் ரோட்டரைச் சுற்றவைக்கும் முறுக்கு பூஜ்யம். நீங்கள் கேட்ட முனகல், அந்த வீணான விசை இரும்பை நொடிக்கு நூறு முறை அதிரவைக்கும் சத்தம்.

காலால் மிதிக்கும் தையல் மிஷின் ஓட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கம்பி நேர்க்கோட்டில் நின்றுவிட்டால் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் சக்கரம் அசையாது. கையால் சக்கரத்தை ஒரு பக்கம் தட்டினால் அந்தப் பக்கம் ஓடும், தவறாக மறுபக்கம் தட்டினால் மறுபக்கம் ஓடி நூலை அறுக்கும்.

மூன்றாமாண்டு எழுதியது:

மேடம், நாங்கள் படித்தது வேறு மாதிரி இருக்கிறதே. ஒரே கோட்டில் துடிக்கும் புலத்தை, பாதி பலமுள்ள இரண்டு புலங்களாகப் பிரிக்கலாம், ஒன்று வலஞ்சுழியாகவும் மற்றது இடஞ்சுழியாகவும் ஒரே வேகத்தில் சுற்றும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். நிற்கும் ரோட்டருக்கு இரண்டும் சமம், அதனால் முறுக்கு கழிந்துவிடும். பரீட்சைக்கு எழுதிவிடுவேன். ஆனால் உள்ளே உண்மையில் இரண்டு புலம் சுற்றுகிறதா, இல்லை ஒன்று துடிக்கிறதா?

இன்னொரு சந்தேகமும் உண்டு. தையல் மிஷினில் கனமான சக்கரம் இருப்பதால் அது அந்த நேர்க்கோட்டைத் தாண்டுகிறது. ஃபேனும் அப்படி உந்தத்தால்தான் தொடர்ந்து ஓடுகிறதா?

பாலிடெக்னிக்_மேடம் எழுதியது:

இரண்டாவது சந்தேகம் நல்ல இடத்தில் குத்துகிறது. உந்தம் காரணமில்லை, தையல் மிஷின் உவமை அந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. உந்தம் மட்டும்தான் என்றால் தள்ளிவிட்ட ஃபேன் மெல்ல மெல்ல நிற்க வேண்டும். மாடிவீட்டின் ஃபேன் வேகம் எடுக்கிறதே!

அங்கே நடப்பது இதுதான். ரோட்டர் நகர ஆரம்பித்ததும் அதன் கம்பிகள் அந்தத் துடிக்கும் புலத்தை வெட்டிக்கொண்டு போகின்றன. வெட்டுவதால் கம்பிகளில் ஒரு புது மின்னழுத்தம் பிறக்கிறது, புதிதாக ஒரு கரண்டும் ஓடுகிறது. அந்தக் கரண்ட் உண்டாக்கும் புலம், ஸ்டேட்டர் புலத்தின் கோட்டுக்குக் குறுக்கே நிற்கும். ரோட்டரைச் சுற்றி முழுக்க இரும்பு இருப்பதால் கரண்ட் உடனே ஏறிவிடாது, ஏறத்தாழ கால் சுற்று பின்தங்கியே வரும். ஆக, ஒரு கோட்டில் ஸ்டேட்டர் புலம், அதற்குக் குறுக்கே கால் சுற்றுத் தாமதமாக ரோட்டரின் புலம். ஒன்று தேயும்போது மற்றது வளர்கிறது. இரண்டும் சேர்ந்தால் கிடைப்பது சுற்றும் புலம். ஓடும் ரோட்டர் தனக்கு வேண்டிய இரண்டாவது காயிலைத் தானே செய்துகொள்கிறது என்று சொல்லலாம்.

குறுக்குப் புலம் எந்தப் பக்கம் முளைக்கும் என்பது கம்பிகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதைப் பொறுத்தது. மாடிவீடு கேட்ட "நினைவு" அதுதான். திசை இயக்கத்திலேயே இருக்கிறது, வேறெங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

முதல் கேள்விக்கு வருகிறேன். இரண்டு புலக் கணக்கும் என் குறுக்குப் புலக் கணக்கும் ஒரே விடையைத்தான் தரும். எது "உண்மை" என்று வகுப்பில் நான் அடம்பிடிப்பதில்லை. ஓட்டத்தை விளக்க உங்கள் கணக்கு வசதி. 14 துருவ ஃபேனை எடுங்கள், 50 ஹெர்ட்ஸில் அதன் புல வேகம் நிமிடத்துக்கு 428 சுற்று. ஃபேன் 360 சுற்றில் ஓடினால், கூடவே ஓடும் புலத்துக்கு அது 16 சதவீதம்தான் பின்தங்கியிருக்கிறது, அதனால் கம்பிகளில் தூண்டப்படும் கரண்ட் வெறும் 8 ஹெர்ட்ஸ். எதிரே வரும் புலத்துக்கோ 92 ஹெர்ட்ஸ். அந்த வேகமான கரண்ட் தன்னை உண்டாக்கிய எதிர்ப் புலத்தையே பெருமளவு அமுக்கிவிடும், முறுக்காக உருப்படியாய் எதுவும் தராது. ரோட்டர் நிற்கும்போது சமமாக இருந்த இருவரில், ஓட ஆரம்பித்ததும் ஒருவர் கை ஓங்கிவிடுகிறது.

வயல்காட்டான் எழுதியது:

எங்கள் கிணற்று மோட்டாரும் போன மாதம் இப்படித்தான். முனகும், ஓடாது. அது 5 ஹெச்பி, கையால் தள்ளவா முடியும்? லோ வோல்டேஜ்தான் காரணம் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னார். உங்கள் ஃபேனுக்கும் வோல்டேஜைப் பாருங்கள். கண்டன்சர் கண்டன்சர் என்று ஏன் அலைகிறீர்கள்? எங்கள் மோட்டாரில் கண்டன்சரே கிடையாது.

காயில்கடை எழுதியது:

வயல்காட்டான் அண்ணே, உங்களுடையது மூணு ஃபேஸ் மோட்டாராக இருக்கும். ஒரு ஃபேஸ் ஃபியூஸ் போயிருக்கும், பாருங்கள். அதைச் சிங்கிள் ஃபேஸிங் என்போம். மாதம் ஒன்றாவது அப்படி எரிந்து கடைக்கு வருகிறது. மூன்றில் ஒரு கோஷ்டி காயில் மட்டும் வெள்ளையாக இருக்கும், மீதி இரண்டும் கருகியிருக்கும், அல்லது அதற்கு நேர்மாறாக இருக்கும். காயில்களை இணைத்திருக்கும் விதம் ஸ்டாரா டெல்டாவா என்பதைப் பொறுத்தது. எரிந்த கோலத்தைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

பாலிடெக்னிக்_மேடம் எழுதியது:

அது இங்கே பேசும் விஷயத்துக்கு வெளியே இல்லை, சொல்லப்போனால் அதேதான். மூன்று ஃபேஸில் ஒன்று போனால் மிச்சமிருக்கும் இரண்டு லைனுக்கு நடுவே ஒரே ஒரு ஏசிதான் உண்டு. மூன்று ஃபேஸ் மோட்டார் அந்த நிமிடமே ஒற்றை ஃபேஸ் மோட்டாராகிவிடுகிறது. நின்றால் கிளம்பாது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபேஸ் போனால் நிற்காமல் ஓடும், ரோட்டர் குறுக்குப் புலத்தைத் தருகிறதே. ஆனால் அதே தண்ணீரை ஏற்ற இரண்டு லைனிலும் கரண்ட் கூடும், சூடாகும். வோல்டேஜ் குறைவதால் மட்டும் வரும் முனகலும் உண்டு, மறுக்கவில்லை. மூன்று லைனையும் அளந்தால் தெரிந்துவிடும்.

வயல்காட்டான் எழுதியது:

ஃபியூஸ்தான் போயிருந்தது, கட்டியதும் ஓடியது. ஆனாலும் வோல்டேஜும் குறைவுதான்.

மாடிவீடு எழுதியது:

தள்ளினால் ஓடுவது ஏன் என்பது இப்போது புரிகிறது. ரோட்டர் ஓடும்போது குறுக்குப் புலம் தானாக வருகிறது. நிற்கும்போது அதை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும், அதற்குத்தான் ஸ்டார்ட்டிங் காயில். சரிதானே?

அப்படியானால் ஸ்டார்ட்டிங் காயிலை நேராக லைனில் கொடுத்தால் போதாதா? குறுக்கே ஒரு காயில் இருக்கிறதே, அப்புறம் கண்டன்சர் எதற்கு?

காயில்கடை எழுதியது:

நேராகக் கொடுத்துப் பார்த்திருக்கிறோம். ஓடாது. முனகல்தான் கூடும், சீக்கிரம் சூடாகும்.

ஓம்மீட்டர் எழுதியது:

ஒரு மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன், கணக்குப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

குறுக்கே இருந்தால் மட்டும் போதாது. இரண்டு காயிலிலும் கரண்ட் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கினால், இரண்டு புலமும் கூடி நடுவில் சாய்வான ஒரே கோட்டில் துடிக்கும். கோடு சாய்ந்ததே தவிர சுற்றவில்லை, மேடம் சொன்ன இடம் வலம் பிரச்சினை அப்படியே நிற்கிறது. ஒரு ஜோடித் துருவத்தின் அகலத்தை ஒரு சுற்று என்று வைத்தால், இடத்தில் கால் சுற்று விலகியிருக்க வேண்டும், நேரத்திலும் ஏசி அலையின் கால் சுற்று விலகியிருக்க வேண்டும். இடத்தைக் காயில் கட்டுபவர் பார்த்துக்கொள்கிறார். 14 துருவ ஃபேனில் ஸ்டார்ட்டிங் காயில்கள் ரன்னிங் காயில்களுக்கு அரைத் துருவம் தள்ளி, ஸ்டேட்டரில் சுமார் 13 டிகிரி விலகி உட்கார்ந்திருக்கும். நேரத்தைக் கண்டன்சர் பார்த்துக்கொள்கிறது.

ஒரு கணக்கு போடுவோம். எண்கள் புரிவதற்காக நானே எடுத்துக்கொண்டவை, உங்கள் ஃபேனின் அளவுகள் இல்லை. நிற்கும் நிலையில் ரன்னிங் காயிலுக்கு 400 ஓம் ரெசிஸ்டன்ஸ், கரண்ட் ஏறி இறங்குவதால் வரும் தடையான ரியாக்டன்ஸ் 600 ஓம். ஸ்டார்ட்டிங் காயிலில் சுற்று கொஞ்சம் அதிகம் என்பதால் 500, 750. சப்ளை 230 வோல்ட். கண்டன்சர் இல்லாமல் நேராகக் கொடுத்தால் இரண்டு காயிலிலும் கரண்ட் வோல்டேஜுக்கு 56 டிகிரி பின்தங்கும். இரண்டுக்கும் நடுவே விலகல் பூஜ்யம். காயில்கடை பார்த்தது இதுதான்.

இப்போது ஸ்டார்ட்டிங் காயிலோடு 2.5 மைக்ரோஃபேரட்டை சீரிஸில் போடுங்கள். Xc என்பது கண்டன்சரின் ரியாக்டன்ஸ்.

```
Xc = 1 / (2 × π × 50 × 0.0000025) = 1273 ஓம்
750 − 1273 = −523 ஓம்
```

காயிலின் ரியாக்டன்ஸைக் கண்டன்சர் விழுங்கிவிட்டு, மேலும் 523 ஓம் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அதனால் ஸ்டார்ட்டிங் கரண்ட் வோல்டேஜுக்கு 46 டிகிரி முந்துகிறது. ரன்னிங் கரண்ட் 56 டிகிரி பிந்தியே இருக்கிறது. நடுவே விலகல் 102 டிகிரி, கால் சுற்றான தொண்ணூறுக்குப் பக்கம். இரண்டு காயிலிலும் கரண்ட் 0.32 ஆம்பியர். கிட்டத்தட்டச் சீராகச் சுற்றும் புலம் இதிலிருந்து கிடைத்துவிடும். ரோட்டர் நின்றாலும் அதை இழுத்துக்கொண்டு போகும்.

முந்தும் கரண்டின் புலம் முதலில் உச்சிக்கு வருகிறது, பிந்தும் கரண்டின் புலம் அப்புறம் வருகிறது. ஸ்டார்ட்டிங் காயிலின் கோட்டிலிருந்து பக்கத்து ரன்னிங் காயிலின் கோட்டை நோக்கிப் புலம் நகரும். திசையைத் தீர்மானிப்பது இந்த வரிசைதான்.

மாடிவீடு எழுதியது:

கழற்றிய கண்டன்சரை நண்பரின் மீட்டரில் வைத்துப் பார்த்தோம். மேலே 2.5 என்று போட்டிருக்கிறது, மீட்டர் ஒன்றைச் சற்றே தாண்டிக் காட்டுகிறது. முழுதாகச் சாகவில்லை. அப்படியென்றால் பாதி பலத்திலாவது கிளம்பியிருக்க வேண்டாமா?

இப்போது யோசித்தால், சில மாதமாகவே ரெகுலேட்டரை இரண்டில் வைத்தால் கிளம்ப யோசிக்கும், ஐந்தில் வைத்துக் கிளப்பிவிட்டுக் குறைப்போம். முழு வேகத்திலும் காற்று குறைவாகத்தான் இருந்தது. பழைய ஃபேன், அப்படித்தான் என்று விட்டுவிட்டோம்.

ஓம்மீட்டர் எழுதியது:

பாதிகூட வராது. அதே கணக்கில் 1 மைக்ரோஃபேரட் போட்டுப் பாருங்கள். கண்டன்சரின் ரியாக்டன்ஸ் 3183 ஓம் ஆகிறது. ஸ்டார்ட்டிங் கரண்ட் 0.32-லிருந்து 0.09 ஆம்பியருக்கு விழுகிறது, விலகலும் 135 டிகிரிக்குப் போய்விடுகிறது. கிளம்பும் முறுக்கு இரண்டு கரண்டையும், விலகலின் சைன் மதிப்பையும் பெருக்கினால் வருவது. 2.5-ல் இருந்ததை நூறு என்று வைத்தால், 1-ல் கிடைப்பது வெறும் 21.

பழைய பேரிங், கிரீஸ் காய்ந்து கெட்டி என்றால் இந்த 21 உராய்வைத் தாண்டாது. ரெகுலேட்டரை இரண்டில் வைத்தால் வோல்டேஜும் குறைகிறது, முறுக்கு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். அதனால்தான் முதலில் குறைந்த வேகத்தில் கிளம்ப மறுத்து, மாதங்கள் கழித்து முழு வேகத்திலும் மறுத்திருக்கிறது.

மதிப்பு ஏன் தேய்கிறது என்றும் கேட்பீர்கள். உள்ளே இருப்பது உலோகம் பூசிய பிளாஸ்டிக் படலம். லைனில் ஏதாவது வோல்டேஜ் துள்ளல் வந்தால் ஒரு புள்ளியில் படலம் ஓட்டையாகும், அந்த இடத்தைச் சுற்றியுள்ள உலோகப் பூச்சு எரிந்து ஆவியாகிப் பழுது தானே அடைபடும். ஷார்ட் ஆகாமல் தப்பிக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பரப்பை இழக்கிறது.

மாற்றுவதற்கு முன் சுவிட்சை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிவிடுங்கள். தடையில்லாமல் நெடுநேரம் ஓடி நின்றால் பேரிங் நல்லது. சட்டென்று நின்றால் புது கண்டன்சர் போட்டும் பழைய கதைதான் வரும்.

காயில்கடை எழுதியது:

கணக்கெல்லாம் சரி சார். ஆனால் எங்கள் பக்கம் வோல்டேஜ் ராத்திரியில் மோசம். 2.5-க்குப் பதில் 3.15 போட்டுவிட்டால் ஃபேன் நன்றாகக் கிளம்புகிறது, காற்றும் கூடுகிறது. சிலருக்கு 4 கூடப் போட்டிருக்கிறேன். வாடிக்கையாளர் சந்தோஷமாகத்தான் போகிறார்.

ஓம்மீட்டர் எழுதியது:

கிளம்பும், மறுக்கவில்லை. அதே கணக்கில் 4 போட்டால் கிளம்பும் முறுக்கு 130-க்கு ஏறுகிறது. ஆனால் ஸ்டார்ட்டிங் கரண்ட் 0.46 ஆம்பியர். மெல்லிய கம்பியில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், அதாவது இரண்டு மடங்கு. அதுவும் ஃபேனில் ஸ்டார்ட்டிங் காயில் ராத்திரி முழுக்க லைனில் இருக்கிறது. அந்த வாடிக்கையாளர் இரண்டு கோடை கழித்து ரீவைண்டிங்குக்கு உங்களிடமே வந்தாரா என்று யோசித்துப் பாருங்கள்.

காயில்கடை எழுதியது:

ரீவைண்டிங்குக்கு 2.5 போட்டதும் வருகிறது, 4 போட்டதும் வருகிறது. 4 வேண்டாம் என்று வேண்டுமானால் ஒத்துக்கொள்கிறேன். 3.15-ஐ நான் விடமாட்டேன். 230 வருகிற ஊர்க் கணக்கை 180 வருகிற ஊருக்குப் போட்டால் எப்படி?

பாலிடெக்னிக்_மேடம் எழுதியது:

180 வோல்ட்டில் காயில் சூடும் குறைவாகவே இருக்கும், அந்த அளவில் அண்ணன் சொல்வதில் நியாயம் உண்டு. விடிகாலையில் வோல்டேஜ் 240-க்கு ஏறும்போது யார் எழுந்து கண்டன்சரை மாற்றுவது என்பதுதான் என் கவலை. ஃபேன் செய்தவர் போட்ட மதிப்பு, கிளம்பும் முறுக்குக்காக மட்டும் தேர்ந்தெடுத்ததும் இல்லை. ஓடும் வேகத்தில் எதிர்ப் புலம் முடிந்தவரை ஒழிய வேண்டும் என்பதற்காகவும் தேர்ந்தெடுத்தது. அந்தப் பொருத்தத்திலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் எதிர்ப் புலம் தலைதூக்கும். சூடும் முனகலும் அதிலிருந்து வருபவை.

மூன்றாமாண்டு எழுதியது:

மேடம், ஓட ஆரம்பித்ததும் ரோட்டரே குறுக்குப் புலத்தைத் தருகிறது என்றீர்கள். அப்படியானால் கண்டன்சரைக் கிளம்பியதும் கழற்றிவிடலாமே? சில மோட்டாரில் சுவிட்ச் வைத்துக் கழற்றத்தானே செய்கிறார்கள்?

பாலிடெக்னிக்_மேடம் எழுதியது:

கழற்றுகிறார்கள், எங்கே என்று பாருங்கள். கிளம்பும்போதே பாரம் இருக்கும் கம்ப்ரசர், மாவு மில் மாதிரி இடங்களில். அங்கே கிளம்ப நிறைய முறுக்கு வேண்டும், அதற்கு நூறு மைக்ரோஃபேரட் அளவில் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் போடுவார்கள். அது சில நொடிகளுக்கு மேல் ஏசியைத் தாங்காது. முக்கால் வேகம் வந்ததும் ஷாஃப்டில் இருக்கும் குண்டுகள் வெளியே விரிந்து சுவிட்சைத் திறந்துவிடும், க்ளிக் என்று சத்தம் கேட்கும். அந்தச் சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் கண்டன்சர் வெடிக்கும், ஸ்டார்ட்டிங் காயிலும் போகும்.

கழற்றிய பிறகு ரோட்டர் தரும் குறுக்குப் புலத்தை மட்டும் நம்பி ஓட வேண்டும். அது ஸ்டேட்டர் புலத்துக்கு முழுச் சமமாக வராது, வேகம் குறையக் குறைய அதுவும் குறையும். நிமிடத்துக்கு 1500 சுற்றும் புலத்தை ஒட்டி 1440-ல் ஓடும் மோட்டாருக்குப் பெரிய இழப்பில்லை. ஃபேனோ 16 சதவீதம் பின்தங்கியே ஓடுகிறது, ரெகுலேட்டரைக் குறைத்தால் இன்னும் பின்தங்கும். அங்கே ரோட்டரை மட்டும் நம்பினால் வேகமும் வராது, அதிர்வும் கூடும். அதனால் ஃபேனில் கண்டன்சரும் இரண்டாவது காயிலும் கடைசிவரை கூடவே நிற்கின்றன. மாடிவீடு தள்ளி ஓட்டிய ஃபேன் "ஓரளவு" வேகத்துக்கு மேல் போகாததும் அதனால்தான்.

தள்ளுவது பற்றியும் ஒன்று. மிக மெதுவாகத் தள்ளினால் ஃபேன் மறுபடி நின்றுவிடும். நிற்கும் நிலைக்குப் பக்கத்தில் கிடைக்கும் முறுக்கு, வேகத்துக்கு ஏற்ற அளவில்தான் இருக்கும். அது பேரிங் உராய்வைத் தாண்டும் வேகம்வரை கை கொண்டுபோய் விட வேண்டும்.

வயல்காட்டான் எழுதியது:

எங்கள் ஊரில் சிலர் ரெண்டு ஃபேஸ் வரும் நேரத்தில் கண்டன்சர் போட்டு மூணு ஃபேஸ் மோட்டாரை ஓட்டுகிறார்கள். அதுவும் இதே கணக்குதானா?

ஓம்மீட்டர் எழுதியது:

இதே கணக்குதான். மூன்றாவது காயிலுக்கு வராத ஃபேஸுக்குப் பதில், கண்டன்சர் வழியே விலகிய கரண்டைக் கொடுக்கிறார்கள். ஆனால் ஒரு கண்டன்சர் மதிப்பு ஒரே ஒரு பாரத்துக்குத்தான் பொருந்தும். கிணற்றில் தண்ணீர் மட்டம் மாறினால் பாரம் மாறும், மூன்று காயிலிலும் கரண்ட் சமமாக இருக்காது, ஒன்று அதிகமாகச் சுடும். முழு ஹெச்பியையும் எதிர்பார்க்கக் கூடாது. மின்வாரியம் இதை ஒத்துக்கொள்வதில்லை என்பது தனி விஷயம்.

புதுக்குடித்தனம் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஃபேனுக்குப் போன வாரம் கண்டன்சர் மாற்றினார்கள். இப்போது தலைகீழாகச் சுற்றுகிறது, காற்றே கீழே வரவில்லை. கண்டன்சரைத் திருப்பிப் போட்டுவிட்டார்களா?

காயில்கடை எழுதியது:

கண்டன்சருக்குத் திருப்பம் கிடையாது அக்கா, எந்த முனையை எங்கே கொடுத்தாலும் ஒன்றுதான். ஃபேனிலிருந்து மூன்று ஒயர் வரும். கண்டன்சர் ஸ்டார்ட்டிங் ஒயரில் போக வேண்டியது, ரன்னிங் ஒயரில் போய்விட்டது. இப்போது ரன்னிங் கரண்ட் முந்துகிறது, அதனால் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. அந்த இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மெயினை அணைத்துவிட்டு, கண்டன்சரைக் கழற்றிவிட்டு மூன்றையும் ஜோடி ஜோடியாக ஓம் மீட்டரில் பார்க்க வேண்டும். அதிகமாகக் காட்டும் ஜோடியில் இல்லாத ஒயர்தான் காமன். காமனிலிருந்து குறைவாகக் காட்டுவது பெரும்பாலும் ரன்னிங், கூடுதலாகக் காட்டுவது ஸ்டார்ட்டிங்.

ஓம்மீட்டர் எழுதியது:

அண்ணன் சொன்னது சரி. சில ஃபேன்களில் இரண்டு காயிலும் கிட்டத்தட்ட ஒரே ஓம் காட்டும். அப்போது சுற்றும் திசையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

மாடிவீடு எழுதியது:

2.5, 440 வோல்ட் என்று போட்டது வாங்கி மாட்டியாயிற்று. இறக்கை தடையில்லாமல் சுற்றுகிறது, பேரிங் நல்லதுதான். ரெகுலேட்டர் இரண்டிலேயே கிளம்புகிறது. ஒன்றில் மட்டும் இன்னும் யோசிக்கிறது.

கடைசியாக ஒன்று. வீட்டில் வருவது 230. அந்தக் கடைக்காரர் 250 வோல்ட் என்று போட்டதை விலை குறைவாகக் கொடுக்க வந்தார். 440 ஏன் வேண்டும்?

ஓம்மீட்டர் எழுதியது:

காயிலும் கண்டன்சரும் சீரிஸில் இருக்கும்போது ஒன்றின் வோல்டேஜ் மற்றதற்கு எதிராக நிற்கும். அதனால் இரண்டும் தனித்தனியே லைனைவிட அதிகமாக ஏறலாம். என் கணக்கையே பாருங்கள், 0.318 ஆம்பியரை 1273 ஓமால் பெருக்கினால் கண்டன்சர்மேல் 405 வோல்ட். 250 போட்டதை வாங்காமல் விட்டது நல்லது.

ஒன்றில் யோசிப்பது ரெகுலேட்டரைப் பொறுத்தது. எலக்ட்ரானிக் ரெகுலேட்டராக இருந்தால் குறைந்த நிலையில் அது அலையை வெட்டித்தான் கொடுக்கும், கண்டன்சரின் விலகல் கணக்கும் கலைந்துபோகும். ஸ்டெப் வகை ரெகுலேட்டர் ஒன்றைக் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். அதிலும் யோசித்தால் புது கண்டன்சரையும் மீட்டரில் வைத்துப் பார்த்துவிடுங்கள். 2.5 என்று எழுதி 2 மட்டும் இருக்கும் சரக்கும் கடைகளில் வருகிறது, அதில் கிளம்பும் முறுக்கு மூன்றில் இரண்டு பங்குதான்.

காயில்கடை எழுதியது:

அப்படி வருவதால்தான் நான் 3.15 போடுகிறேன்.